12-ஆம் படுக்கையைப் பற்றி ஒரு நிமிடத்தில்

"சார், 12-ஆம் பெட் அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு சார். இன்னிக்குத்தான் ஆபரேஷன் ஆச்சு. வலிக்குதுன்னு சொன்னாங்க, அஞ்சரைக்கு ஊசி போட்டோம். பி.பி. கொஞ்சம் கம்மியா இருக்கு சார்."

"சரி சிஸ்டர், வாட்ச் பண்ணுங்க."

மருத்துவமனை வார்டில் அடிக்கடி கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. மாணவி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மறுமுனையில் இருந்த டாக்டர் அலட்சியக்காரரும் இல்லை. அவர் கையில் வேறொரு நோயாளி இருந்திருப்பார். காதில் விழுந்ததை வைத்துப் பார்த்தால், ஆபரேஷன் முடிந்தவருக்கு வலி இருக்கிறது, ஊசி போட்டாயிற்று, பி.பி. சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஓடி வர வேண்டிய அவசரம் அதில் தெரியவில்லை. ஆனால் படுக்கையருகே நின்ற மாணவிக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. அதனால்தான் போனையே எடுத்தாள். அவள் கண்டது அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த இடைவெளியை அடைப்பதற்காக நர்சிங் கல்லூரிகளில் சொல்லித்தரப்படும் முறைக்கு எஸ்பார் என்று பெயர். சிச்சுவேஷன், பேக்ரவுண்ட், அசெஸ்மென்ட், ரெக்கமண்டேஷன் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. இப்போது என்ன நடக்கிறது, அதற்குப் பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன் என்ற நான்கையும் இதே வரிசையில் சொல்ல வேண்டும்.

இந்த முறை பிறந்தது மருத்துவமனையில் அல்ல. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் சுருக்கமாகத் தகவல் சொல்லப் பழக்கிய முறை அது. 2000-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் பணியாற்றிய டாக்டர் மைக்கேல் லெனார்ட், டக் போனகம், சூசன் கிரஹாம் ஆகியோர் அதை மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். போனகம் முன்பு நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியவர். நோயாளியை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது பயன்படுத்தத்தக்க முறை என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் எஸ்பாரைப் பரிந்துரைத்தது.

நான்கு எழுத்துகளையும் அவற்றின் விரிவையும் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடலாம். மாணவிகளும் தேர்வில் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். ஆனால் அடுத்த நாள் வார்டில் போனைக் கையில் கொடுத்தால் "ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சொல்லிப் பழகினால்தான் இது நாக்கில் ஏறும். அதற்குத்தான் சின்னச் சின்னச் சூழல்களைக் கொடுத்துப் பேச வைக்கும் பயிற்சி.

ஓர் அட்டை, மூன்று பேர்

இந்தப் பயிற்சிக்குப் பெரிய சிமுலேஷன் லேப் தேவையில்லை. ஒரு பக்க அட்டையும் மூன்று மாணவிகளும் போதும். ஒருத்தி தகவல் சொல்பவள், இன்னொருத்தி போனின் மறுமுனையில் இருக்கும் டாக்டர், மூன்றாமவள் கவனிப்பவள். அட்டையைப் படிக்க இரண்டு நிமிடம், பேச ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம், பேசி முடித்ததும் அலச ஐந்து நிமிடம். பிறகு வேடத்தை மாற்றிக்கொண்டு அடுத்த அட்டை. அரை மணி நேரத்துக்குள் மூவருமே ஒருமுறை பேசி, ஒருமுறை கேட்டு, ஒருமுறை கவனித்திருப்பார்கள். ஒரு பெரிய நாடகத்தை வகுப்பு முழுவதும் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைவிட இதில் ஒவ்வொருவரும் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன 12-ஆம் படுக்கையையே அட்டையாக்கிப் பார்ப்போம். கற்பனை நோயாளிதான். காமாட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது 46, எடை 60 கிலோ. அதிக ரத்தப்போக்கு காரணமாக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்த ஆபரேஷன். மதியம் 2 மணிக்கு முடிந்து, 3 மணிக்கு வார்டுக்கு வந்தார். அப்போது பல்ஸ் 84, பி.பி. 124/80. மாலை 5 மணிக்குப் பல்ஸ் 98, பி.பி. 112/74. இப்போது மணி 6.30. பல்ஸ் 122, பி.பி. 98/64, மூச்சு நிமிடத்துக்கு 24. காய்ச்சல் இல்லை. 5 மணியிலிருந்து யூரின் பையில் இறங்கியது 20 மி.லி. மட்டுமே. முகம் வெளுத்திருக்கிறது, கை சில்லிட்டிருக்கிறது, நிலைகொள்ளாமல் புரள்கிறார். வயிறு காலையில் இருந்ததைவிட உப்பலாக இருக்கிறது. ட்ரெயின் குழாயில் 40 மி.லி. மட்டுமே வந்திருக்கிறது, பேடில் லேசான கறை. ஆபரேஷனுக்கு முன் ஹீமோகுளோபின் 9.4. இரண்டு யூனிட் ரத்தம் ஒதுக்கிவைத்திருக்கிறது.

அட்டையில் இன்னும் சில வரிகளும் இருக்கும். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தது, அப்பாவுக்குச் சர்க்கரை நோய், இரண்டு பிள்ளைகள், காலையில் எனிமா கொடுத்தது, 5.30-க்கு ட்ராமடால் ஊசி போட்டது. இவற்றில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று மாணவியே முடிவெடுக்க வேண்டும். தேவையானது மட்டும் உள்ள அட்டையைக் கொடுத்தால் அது பயிற்சியே இல்லை, வாசித்துக் காட்டுவது மட்டும்தான்.

முதல்முறை பேசும்போது அநேகமாக எல்லா மாணவிகளும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். பின்னணியிலிருந்து தொடங்கி, கேஸ் ஷீட்டில் உள்ள வரிசையிலேயே போவார்கள். "46 வயசு அம்மா, ஹிஸ்டரி ஆஃப் ஜான்டிஸ்" என்று ஆரம்பித்து, பல்ஸ் 122 என்ற இடத்துக்கு வருவதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். அந்த நேரத்தில் டாக்டர் இதை அவசரமில்லாத பேச்சு என்று மனதுக்குள் ஒதுக்கிவைத்திருப்பார்.

இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு அதே மாணவி பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சார், நான் கைனிக் வார்டிலிருந்து பேசறேன். 12-ஆம் பெட், காமாட்சி, 46 வயசு. பல்ஸ் 122 ஆயிருக்கு, பி.பி. 98/64-க்கு இறங்கியிருக்கு. அதுக்காகத்தான் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு 2 மணிக்கு அப்டாமினல் ஹிஸ்டரெக்டமி முடிஞ்சுது. 3 மணிக்கு பல்ஸ் 84, பி.பி. 124/80. ப்ரீ-ஆப் ஹீமோகுளோபின் 9.4. ரெண்டு யூனிட் ரத்தம் ரிசர்வ் பண்ணியிருக்கு.

"வெளுத்திருக்காங்க, கை சில்லுன்னு இருக்கு, வயிறு உப்பியிருக்கு. ஒன்றரை மணி நேரத்துல யூரின் 20 மி.லி.தான். ட்ரெயின்ல 40 மி.லி.தான் இருக்கு, ஆனா உள்ளே ரத்தம் கசியுதோன்னு சந்தேகமா இருக்கு சார்.

"நீங்க உடனே வந்து பாக்கணும் சார். ஆக்ஸிஜன் வெச்சிருக்கேன். ஃப்ளூயிட் வேகமா விடலாமா? ஹீமோகுளோபினுக்கு சாம்பிள் எடுத்து, ரத்தத்தையும் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ஒரு நிமிடம்கூட ஆகாது. மஞ்சள் காமாலையும் எனிமாவும் இதில் இல்லை. ட்ராமடால் ஊசியையும் விட்டுவிட்டாள். டாக்டர் கேட்டால் சொல்வாள்.

"நான் நினைக்கிறேன்" என்று சொல்லும் இடம்

நான்கு பகுதிகளில் முதல் இரண்டும் சீக்கிரம் பழகிவிடும். மூன்றாவதும் நான்காவதும்தான் கடினம். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை, நாம் எப்படி "ரத்தம் கசிகிறது" என்று சொல்வது என்று மாணவிகள் தயங்குகிறார்கள். அதனால் எண்களை வரிசையாக ஒப்பித்துவிட்டு நின்றுவிடுவார்கள். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்ற பாரம் முழுவதும் நோயாளியைப் பார்க்காதவர் தலையில் விழுந்துவிடும்.

மதிப்பீடு என்றால் நோயின் பெயரைச் சொல்வது என்று பொருளல்ல. கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்து, நிலை எந்தப் பக்கம் போகிறது என்று சொன்னால் போதும். "என்ன காரணம்னு தெரியல சார், ஆனா மூணு மணியிலிருந்து நிலைமை மோசமாகிட்டே வருது" என்பதும் முழுமையான மதிப்பீடுதான். இதை மாணவிகளிடம் வெளிப்படையாகச் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும்.

மீதிப் பாதி போக, எண்களைப் படிக்கும் முறையைப் பயிற்சிக்கு நடுவிலேயே சொல்லித்தர வேண்டும். காமாட்சியின் அட்டையில் ஆபத்தைச் சொல்வது எந்த ஒரு எண்ணும் அல்ல. 84, 98, 122 என்று பல்ஸ் ஏறுகிறது. 124, 112, 98 என்று பி.பி. இறங்குகிறது. உடலில் ரத்தம் குறையும்போது இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். அதனால் முதலில் பல்ஸ் ஏறும், சமாளிக்க முடியாமல் போகும்போதுதான் பி.பி. நன்றாக இறங்கும். வெறும் வலியாக இருந்தால் வழக்கமாகப் பல்ஸோடு பி.பி.யும் ஏறும். இங்கே இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. யூரினும் அதையே சொல்கிறது. பெரியவர்களுக்கு மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி.யாவது இறங்க வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு ஒன்றரை மணி நேரத்தில் 45 மி.லி. வந்திருக்க வேண்டிய இடத்தில் 20 தான் வந்திருக்கிறது.

ட்ரெயினில் 40 மி.லி. என்பது வேண்டுமென்றே வைத்த பொறி. "ட்ரெயின்ல ஒண்ணும் பெரிசா வரலை மேடம், அதனால ரத்தப்போக்கு இல்லை" என்று பலர் முடிவு கட்டுவார்கள். குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கலாம், கசியும் இடத்துக்கும் குழாய் இருக்கும் இடத்துக்கும் தொடர்பில்லாமலும் இருக்கலாம். ட்ரெயின் நிறைய வந்தால் பயப்பட வேண்டும், வராவிட்டால் நிம்மதியடைந்துவிடக் கூடாது. இதை விரிவுரையில் கேட்பதைவிட, பொறியில் ஒருமுறை விழுந்து எழுந்தால் நன்றாக நினைவில் நிற்கும்.

நான்காவது பகுதியில் வேறு மாதிரித் தயக்கம். டாக்டரிடம் "வாங்க" என்று சொல்வது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்ற பயம். "கொஞ்சம் பாத்தா நல்லா இருக்கும் சார்" என்று இழுப்பார்கள். மரியாதை குரலில் இருக்கட்டும், கேட்பது தெளிவாக இருக்கட்டும். யார் வர வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும், அதுவரை நான் என்ன செய்யட்டும் என்ற மூன்றும் அதில் வந்தாக வேண்டும். இதைப் பழக்குவதற்காகவே டாக்டர் வேடம் போடுபவளிடம் தனியாக ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கலாம். அதில் இப்படி இருக்கும்: "நீங்கள் தியேட்டரில் இருக்கிறீர்கள். முதலில் 'சரி, பாக்கறேன்' என்று மட்டும் சொல்லுங்கள்." மாணவி அதோடு போனை வைத்துவிடுகிறாளா, "எத்தனை மணிக்கு வருவீங்க சார்? அதுக்குள்ள பி.பி. 90-க்குக் கீழே போனா யாரைக் கூப்பிடட்டும்?" என்று கேட்கிறாளா என்பது அங்கே தெரிந்துவிடும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்து யாரிடம் போக வேண்டும், பொறுப்பு ஸ்டாஃப் நர்ஸா, சீனியர் டாக்டரா என்பதையும் அட்டையிலேயே எழுதிவைக்க வேண்டும்.

கேட்டவர் எழுதிய தாள்

இந்தப் பயிற்சியை நடத்தும் ஆசிரியர்கள் வழக்கமாகப் பேசியவளைத்தான் மதிப்பிடுவார்கள். கவனிப்பவள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பெயரும் படுக்கையும் சொன்னாளா, பிரச்சினையை முதலில் சொன்னாளா, முந்தைய எண்களோடு ஒப்பிட்டாளா, தன் கருத்தைச் சொன்னாளா, என்ன வேண்டுமென்று கேட்டாளா, ஆணையைத் திருப்பிச் சொன்னாளா என்று டிக் போட்டுக்கொண்டு வருவாள். அது வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கேட்டவளின் தாள்.

பேச்சு முடிந்ததும் டாக்டர் வேடம் போட்டவள், அட்டையைப் பார்க்காமல், தான் புரிந்துகொண்டதை மூன்று வரியில் எழுத வேண்டும். நோயாளிக்கு என்ன, எவ்வளவு அவசரம், என்னிடம் என்ன கேட்டார்கள் என்று எழுதினால் போதும். பிறகு மூவரும் அதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பட்டியலில் ஆறுக்கு ஆறு டிக் வாங்கியவளுடைய பேச்சுக்கும், கேட்டவள் "வலிக்கு மருந்து கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கலாம். அப்போது சொன்னவள் தன் வாக்கியங்களைத் தானே திரும்பிப் பார்க்கத் தொடங்குவாள். வலியை முதலில் சொன்னேனா, 98/64 என்று சொன்னபோது முன்பு 124/80 இருந்ததைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டேனா என்று அவளே தேடிக் கண்டுபிடிப்பாள். ஆசிரியர் திருத்துவதைவிட இது ஆழமாக இறங்குகிறது.

திருப்பிச் சொல்வதும் இதே இடத்தில் பழக வேண்டியது. போனில் டாக்டர், "ஆர்.எல். 500 மி.லி. வேகமா விடுங்க, ஹீமோகுளோபின் அனுப்புங்க, ரெண்டு யூனிட் ரெடி பண்ணுங்க, பத்து நிமிஷத்துல வர்றேன்" என்பார். மாணவி அதை எழுதிக்கொண்டே திருப்பிப் படித்து, "சரிதானே சார்?" என்று உறுதி வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லும் பதினைந்தும் ஐம்பதும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஸீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிச் சரிபார்ப்பதை முதல் பயிற்சியிலிருந்தே பழக்கமாக்கிவிடலாம்.

ஒரே ஒரு வரியை மாற்றினால்

காமாட்சியின் கதையை மாணவிகள் மனப்பாடம் செய்துவிட்டால் பயிற்சியின் பயன் போய்விடும். அதனால் அடுத்த அட்டையில் புது நோயாளியைக் கொண்டுவராமல், இவரையே வைத்துக்கொண்டு ஒரு வரியை மட்டும் சேர்க்கலாம். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, தினமும் அட்டெனலால் மாத்திரை போடுகிறவர், இன்று காலையிலும் போட்டிருக்கிறார். வழக்கமான பி.பி. 150/90. இப்போது பல்ஸ் 92, பி.பி. 112/70. யூரின், வயிறு, சில்லிட்ட கை எல்லாம் முன்பு போலவே.

எண்களை மட்டும் பார்த்தால் ஒரு பயமும் வராது. ஆனால் அட்டெனலால் இதயத்தின் வேகத்தைக் கட்டிப்போடும் மருந்து. ரத்தம் இழந்தாலும் பல்ஸ் 120-க்கு ஏறாமல் போகலாம். 150-இல் வாழ்ந்த உடலுக்கு 112 என்பது பெரிய சரிவு. முதல் அட்டையில் பின்னணியில் இடம்பெறாத மாத்திரை விவரம், இங்கே சொல்லியே ஆகவேண்டிய முதல் விவரமாகிவிடுகிறது. பின்னணியில் எது சேரும் என்பதை ஒரு நிலையான பட்டியலால் தீர்மானிக்க முடியாது, இன்றைய பிரச்சினைதான் தீர்மானிக்கிறது என்பதை இந்த இரண்டு அட்டைகளையும் அடுத்தடுத்துச் செய்யும் மாணவி தானே புரிந்துகொள்வாள்.

அதற்கு அடுத்த படியில் அட்டையையே எடுத்துவிட வேண்டும். உண்மையான வார்டில் யாரும் தகவலைத் தொகுத்துக் கையில் தருவதில்லை. கேஸ் ஷீட், டி.பி.ஆர். சார்ட், இன்டேக்-அவுட்புட் சார்ட் ஆகியவற்றின் மாதிரிகளைக் கொடுத்து, "ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டுப் பேசு" என்று சொல்லலாம். சார்ட்டில் ஒரு நேரத்தின் பி.பி.யை எழுதாமல் விட்டுவைத்தால், அதைக் கவனித்து, போனை எடுப்பதற்கு முன் "மறுபடி பி.பி. பாக்கணும் மேடம்" என்று கேட்பவள் ஒரு படி மேலே வந்துவிட்டாள்.

டியூட்டி மாறும்போது கொடுக்கும் ஓவருக்கு வேறு பயிற்சி வேண்டும். முப்பது நோயாளிகள் உள்ள வார்டில் ஒவ்வொருவருக்கும் நான்கு பகுதிகளையும் முழுதாகச் சொன்னால், கேட்பவர் பத்தாவது படுக்கையிலேயே களைத்துவிடுவார். அங்கே நிலையற்ற நோயாளிகளை முதலில், முழுமையாகச் சொல்ல வேண்டும். நான்காவது பகுதி, வேண்டுகோளிலிருந்து ஒப்படைப்பாக மாறும். "எட்டு மணிக்கு ஹீமோகுளோபின் ரிசல்ட் வரும், வாங்கி டாக்டர்கிட்ட சொல்லணும். மணிக்கொருதரம் யூரின் பாருங்க அக்கா, 30 மி.லி.க்குக் கீழே போனா சொல்லணும்." நிலுவையில் உள்ள வேலை எது, எதைப் பார்த்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதே அதில் மையம். ஐந்து நோயாளிகளின் அட்டையை ஒருசேரக் கொடுத்து, யாரை முதலில் சொல்வாய் என்று கேட்பதிலிருந்து இதைத் தொடங்கலாம்.

இதனால் ஆகாதது

எஸ்பார் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. 2018-இல் பி.எம்.ஜே. ஓபன் இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, நோயாளி பாதுகாப்பு இதனால் மேம்படுகிறது என்பதற்கு மிதமான சான்றுகளே இருப்பதாகவும், குறிப்பாகப் போனில் பேசும்போது அது பயன்படுவதாகவும் சொல்கிறது. நோயாளியைச் சரியாகப் பார்க்காதவர் நான்கு பகுதிகளையும் ஒழுங்காகச் சொன்னாலும், அது வெறுமையை ஒழுங்காகச் சொன்னதாகத்தான் இருக்கும். கையைத் தொட்டுப் பார்க்காமல் "சில்லிட்டிருக்கிறது" என்று சொல்ல முடியாது. அதனால்தான் பயிற்சியில் "எதைப் பார்த்து இப்படிச் சொன்னாய்?" என்று ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறையில் நன்றாகப் பேசியவள் வார்டில் திணறுவதும் உண்டு. தோழி போட்ட டாக்டர் வேடத்துக்கும் நிஜ டாக்டரின் குரலுக்கும் தூரம் அதிகம். அந்தத் தூரத்தைக் குறைக்க, கிளினிக்கல் போஸ்டிங்கில் இருக்கும்போது தினமும் ஒரு நிஜ நோயாளியைப் பற்றி, பொறுப்பு ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் நிற்க, மாணவி ஓவர் கொடுக்க வேண்டும். அவள் எண்களைச் சொல்லி முடித்ததும் சீனியர் நர்ஸோ டாக்டரோ, "சரிம்மா, நீ என்ன நினைக்கிறே? என்ன பண்ணணும்?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தவறாகச் சொன்னால் ஏன் தவறு என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும், அதட்டக் கூடாது. அதட்டல் வாங்கிய மாணவி மறுநாள் எண்களோடு நிறுத்திக்கொள்வாள், வகுப்பில் பழகிய மூன்றாவது, நான்காவது பகுதிகள் அதோடு காணாமல் போகும். கேட்டுப் பழகிய வார்டிலிருந்து வரும் மாணவிதான், பிறகு ஒரு நாள் இரவுப் பணியில் தனியாக நிற்கும்போது, "உள்ளே ரத்தம் கசியுதோன்னு சந்தேகமா இருக்கு சார், உடனே வாங்க" என்று தயங்காமல் சொல்வாள்.